ஊதாக் கட்டங்களும் ஒன்பது–ஆறு வேலையும்: வீடியோ வெளியிட நேரம் குறிப்பது எப்படி

யூடியூப் ஸ்டுடியோவில் Analytics பக்கத்தைத் திறந்து Audience தாவலுக்குப் போனால் When your viewers are on YouTube என்றொரு படம் இருக்கும். கிழமைக்கு ஒன்றாக ஏழு பத்திகள், ஒவ்வொரு பத்தியிலும் மணிக்கு ஒன்றாக ஊதாக் கட்டங்கள். நிறம் அடர்த்தியாக இருந்தால் அந்த மணியில் ஆள் அதிகம், வெளிறி இருந்தால் குறைவு. நேரம் காட்டுவது நம் ஊர்க் கணக்கில், கணக்கு எடுப்பது கடைசி 28 நாள்களுக்கு. வேலைக்குப் போய்க்கொண்டே வாரம் ஒரு வீடியோ போடுபவருக்குக் கையில் இருக்கும் முக்கியமான தரவு இதுதான். ஆனால் பலரும் இதைத் தப்பாகப் படிக்கிறார்கள். ஆகக் கருத்த கட்டம் எதுவோ அந்த மணிக்கே வெளியிட்டுவிட்டு, வியூஸ் ஏறவில்லையே என்று அடுத்த வாரம் வேறு மணிக்கு மாறுகிறார்கள்.

முதலில் இந்தப் படம் எதைச் சொல்கிறது என்று பார்ப்போம். உங்கள் வீடியோவைப் பார்த்தவர்கள் யூடியூபில் எங்கேயோ, எதையோ பார்த்துக்கொண்டிருக்கும் நேரம் இது. உங்கள் சேனலைத்தான் பார்க்கிறார்கள் என்று இதற்கு அர்த்தமில்லை. இரவு ஒன்பதரைக்குக் கட்டம் கருத்திருக்கிறது என்றால் அந்த நேரத்தில் அவர்கள் சீரியல் துண்டோ, பட்டிமன்றமோ பார்த்துக்கொண்டிருக்கலாம். அடுத்தது, இதில் எண்ணிக்கை கிடையாது. ஆகக் கருத்த கட்டம் உங்கள் சேனலுக்கு 200 பேராக இருக்கலாம், பக்கத்துச் சேனலுக்கு 20,000 பேராக இருக்கலாம். உங்கள் சேனலின் ஒரு மணியை இன்னொரு மணியோடு ஒப்பிடத்தான் நிறம் உதவும்.

வெளியிடும் நேரம் ஒரு வீடியோவின் நீண்ட கால ஓட்டத்தை நேரடியாகப் பாதிப்பதாகத் தெரியவில்லை என்று யூடியூப் தன் உதவிப் பக்கத்திலேயே சொல்கிறது. அப்படியானால் எதற்கு இந்த மெனக்கெடல்? நேரம் பாதிப்பது முதல் ஒரு நாளை: நோட்டிஃபிகேஷன் பார்த்து வருபவர்கள், சந்தாப் பட்டியலில் புதிதாக மேலே தெரிவதைப் பார்த்து வருபவர்கள், வந்தவர்கள் போடும் முதல் கமெண்டுகள். தேடலில் வந்து ஆறு மாதம் கழித்துப் பார்ப்பவருக்கு நீங்கள் சனிக்கிழமை போட்டீர்களா, செவ்வாய் போட்டீர்களா என்பது ஒரு பொருட்டே இல்லை. ஆகவே உங்கள் வியூஸில் பெரும்பங்கு YouTube search வழியாக வருகிறது என்றால் நேரம் பார்ப்பதற்கு ஒரு மாலை போதும், அதற்கு மேல் செலவழிக்க வேண்டாம். முகப்புப் பக்கம், சந்தாப் பட்டியல் வழியாக வருவதைக் காட்டும் Browse features, அறிவிப்பு வழியாக வருவதைக் காட்டும் Notifications இரண்டும் கணிசமாக இருந்தால் மட்டும் மேலே படியுங்கள்.

படத்தைப் படிக்கும்போது சிக்கல் தருவது காலை நேரத்துக் கருப்பு. தமிழ்ச் சேனல்களில் காலை 6 முதல் 8 வரை ஒரு கருத்த பட்டை தெரியும். நம் ஆட்கள் விடியற்காலையில் எழுந்து பார்க்கிறார்கள் என்று தோன்றும். சில சேனல்களுக்கு அது உண்மை. ஆனால் பார்வையாளர்களில் கனடாக்காரர்கள் நிறையப் பேர் இருந்தால், கோடையில் நமக்குக் காலை 6 மணி என்பது டொராண்டோவில் முந்தின நாள் இரவு 8:30. அந்தப் பட்டை டொராண்டோவின் இரவுச் சாப்பாட்டு நேரமாகவும் இருக்கலாம். அதே Audience தாவலில் நாடுகள் வாரியான பங்கு இருக்கிறது, அதோடு சேர்த்துப் பார்த்தால்தான் யாருடைய கருப்பு என்பது தெரியும். சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால், துபாய் ஒன்றரை மணி நேரம் பின்னால். இலங்கைக்கும் நமக்கும் ஒரே மணி. நமக்கு இரவு 8 என்றால் சிங்கப்பூரில் 10:30, ஆள் தூங்கப் போகும் நேரம். துபாயில் 6:30, ஆள் இன்னும் வீடு வந்து சேராத நேரம். ஒரு நாடு மொத்தத்தில் பத்தில் ஒரு பங்குகூட இல்லையென்றால் அதற்காக நேரத்தை வளைக்க வேண்டாம். கால் பங்குக்கு மேல் போனால் யோசிக்கலாம்.

புதுச் சேனல்களுக்கு இந்தப் படமே வராது, போதுமான தரவு இல்லை என்று காலியாக நிற்கும். அவர்களுக்கு Realtime இருக்கிறது. கடைசி 48 மணி நேரத்து வியூஸை மணிவாரியாகக் காட்டும் பட்டைகள் அவை. புதிய வீடியோ எதுவும் போடாத நாள்களில் மட்டும் அதைத் திறந்து, உயரமான மூன்று மணிகளை நோட்டில் எழுதுங்கள். வீடியோ போட்ட நாளில் பார்த்தால் நீங்கள் போட்ட மணியே உயரமாக நிற்கும், உங்கள் பழக்கத்தையே பார்வையாளர் பழக்கம் என்று நம்பிவிடுவீர்கள். மூன்று வாரத்தில் திரும்பத் திரும்ப வரும் மணிகள் தெரிந்துவிடும். திரும்ப வரவில்லையென்றால் சேனல் இன்னும் நேரம் பார்க்கும் அளவுக்கு வளரவில்லை என்று அர்த்தம். வசதிப்பட்ட நேரத்தில் போட்டுவிட்டு அடுத்த வீடியோ வேலையைப் பார்க்கலாம்.

சரி, கருத்த மணி தெரிந்துவிட்டது. வெளியிட வேண்டியது அந்த மணிக்கு அல்ல, நிறம் ஏறத் தொடங்கும் இடத்தில். உச்சம் இரவு 8 முதல் 10 என்றால் 6:30 முதல் 7 மணிக்குள் வெளியே வந்துவிட வேண்டும். ஒன்பது மணிக்குப் போட்டால், எட்டு மணிக்கே போனை எடுத்துச் சந்தாப் பட்டியலைத் தள்ளிப் பார்த்துவிட்டுப் போனவர் கண்ணில் அது படாது. மத்தியானமே போட்டாலும் நல்லதல்ல. சந்தாப் பட்டியலில் புதியது மேலே ஏறிக்கொண்டே இருக்கும், மாலைக்குள் உங்கள் வீடியோ பத்துப் பதினைந்து வீடியோக்களுக்குக் கீழே போயிருக்கும். ஒன்று முதல் ஒன்றரை மணி நேர முன்னோட்டம் என்பது கைக்கணக்குதான், விதி இல்லை. ஆனால் அதற்குள் வைத்தால் பெரிதாகத் தப்பாது.

இங்கேதான் வேலைக்குப் போகிறவரின் கணக்கு தனியாகப் பிரிகிறது. வெளியிட்ட பிறகு முக்கால் மணி நேரம் நீங்கள் போன் பக்கத்தில் இருக்க முடிகிற நேரமாகத்தான் அது இருக்க வேண்டும். காரணம் கமெண்டுக்குப் பதில் சொல்வது மட்டுமில்லை. யூடியூபில் ஒரு முறை வெளியான வீடியோ கோப்பை மாற்றி வேறு கோப்பு வைக்க முடியாது. Editor-இல் ஒரு பகுதியை வெட்டலாம், மங்கலாக்கலாம், இசை சேர்க்கலாம், அவ்வளவே. நடுவில் இரண்டு நிமிடம் சத்தமே இல்லை என்று முதல் பத்து நிமிடத்தில் தெரிந்தால், 30 வியூஸோடு எடுத்துவிட்டு மறுபடி ஏற்றலாம், நஷ்டம் சின்னது. மத்தியானம் 1 மணிக்கு வெளியிட்டு, மீட்டிங் முடிந்து 6 மணிக்குப் பார்த்தால் 900 வியூஸும், சத்தம் வரலையே என்று நாற்பது கமெண்டும் நிற்கும். எடுத்தாலும் வலி, விட்டாலும் வலி. ஆகவே படத்தில் எவ்வளவு கருப்பாக இருந்தாலும், அலுவலக நேரத்துக் கட்டங்களை முதலிலேயே பேனாவால் அடித்துவிடுங்கள்.

ஒரு எடுத்துக்காட்டை முழுதாகப் போட்டுப் பார்ப்போம். எண்கள் கணக்குக்காக எடுத்துக்கொண்டவை. கோயம்புத்தூரில் ஒருவர் மாடித்தோட்டச் சேனல் நடத்துகிறார், 4,000 சந்தாதாரர்கள், வாரம் ஒரு வீடியோ. ஆபீஸ் காலை 9:30 முதல் 6:30, வீடு வந்து சேர 7:30. சனி, ஞாயிறு விடுமுறை. பார்வையாளர்களில் பெரும்பாலோர் தமிழ்நாடு, வெளிநாடு சொற்பம். அவருடைய படத்தில் தெரிவது: வார நாள்களில் மத்தியானம் 2 முதல் 4 வரை நடுத்தரக் கருப்பு, வீட்டு வேலை முடித்து உட்காரும் நேரம். எல்லா நாளும் இரவு 8 முதல் 10 வரை அடர் கருப்பு. ஞாயிறு காலை 7 முதல் 9 வரை நடுத்தரத்துக்குச் சற்று மேல்.

அவர் செய்ய வேண்டியது, 28 கட்டங்கள் உள்ள ஒரு சின்ன அட்டவணை. ஏழு கிழமைக்கு நான்கு நேரம்: காலை, மத்தியானம், மாலை, இரவு. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், வெளிறியது 0, ஆகக் கருத்தது 3. கண்ணால் போடுவதுதான், இந்தப் படத்தைக் கோப்பாக இறக்க வழியில்லை. ஸ்கிரீன்ஷாட் ஒன்று எடுத்துத் தேதி போட்டு வைத்துக்கொண்டால் மூன்று மாதம் கழித்து ஒப்பிட உதவும். பிறகு தான் போன் பக்கத்தில் இருக்க முடியாத கட்டங்களை அடிக்கிறார். வார மத்தியானம் எல்லாம் போய்விட்டது. வார மாலை 6:30-உம் போய்விட்டது, அப்போது அவர் பஸ்ஸில் நின்றுகொண்டிருப்பார். இரவு 7:45-க்கு வெளியிடலாம் என்றால் அது உச்சத்தை ஒட்டி வருகிறது, களைத்துப்போய்ச் சரிபார்ப்பதும் அரைகுறையாகத்தான் இருக்கும். ஞாயிறு மாலையும் சனி மாலை போலத்தான் என்பதால் அதைத் தனியாக எடுக்கவில்லை. மிஞ்சியது இரண்டு: சனி மாலை 6:30, ஞாயிறு காலை 6:00.

இரண்டுக்கும் நியாயம் இருக்கிறது. சனி மாலையில் கருப்பு அதிகம். ஞாயிறு காலையில் கருப்பு குறைவு, ஆனால் தோட்டக்காரர் மாடியில் மண் கிளறிக்கொண்டிருக்கும் நேரம் அதுதான், பார்த்ததை உடனே செய்வார். இதைப் படம் சொல்லாது, பார்வையாளரைத் தெரிந்தவருக்குத்தான் தெரியும். முடிவு செய்யச் சோதித்துப் பார்க்க வேண்டும்.

சோதனையில் பலரும் செய்யும் தப்பு, முதல் நான்கு வாரம் சனி, அடுத்த நான்கு வாரம் ஞாயிறு என்று பிரிப்பது. இரண்டாவது மாதம் மழை தொடங்கிவிட்டால், ஐபிஎல் ஆட்டங்கள் வந்துவிட்டால், வித்தியாசம் நேரத்தால் வந்ததா, பருவத்தால் வந்ததா என்று பிரிக்க முடியாது. சனி, ஞாயிறு, ஞாயிறு, சனி, பிறகு மறுபடி சனி, ஞாயிறு, ஞாயிறு, சனி என்று மாற்றி மாற்றி வையுங்கள். எட்டு வாரம். தலைப்பு வகையும் இரண்டு பக்கமும் சமமாக வர வேண்டும். பூச்சி விரட்டும் வீடியோ எல்லாம் சனிக்கும், தொட்டி அறிமுக வீடியோ எல்லாம் ஞாயிறுக்கும் போய்ச் சேர்ந்தால் சோதனை வீண்.

அளக்க வேண்டியது முதல் 24 மணி நேர வியூஸ். வெளியிட்டவுடன் மறுநாள் அதே மணிக்கு போனில் அலாரம் வைத்து, அடித்ததும் வியூஸை நோட்டில் எழுதிவிடுங்கள். Analytics-இன் நாள்வாரி வரைபடத்தை வைத்து ஒப்பிட வேண்டாம். அங்கே ஒரு நாள் என்பது அமெரிக்கப் பசிபிக் நேரப்படி. கோடையில் அவர்களுக்கு நள்ளிரவு என்றால் நமக்குப் பகல் 12:30, குளிர்காலத்தில் 1:30. சனி மாலை 6:30-க்குப் போட்ட வீடியோவுக்கு ‘முதல் நாள்’ என்று காட்டுவது ஞாயிறு பகல் 12:30 வரையிலான 18 மணி நேரம். ஞாயிறு காலை 6-க்குப் போட்டதற்குக் காட்டுவது ஆறரை மணி நேரம்தான். அந்த வரைபடத்தை நம்பினால் காலை வெளியீடு எப்போதும் தோற்கும், மாலை எப்போதும் ஜெயிக்கும். காலையில் போட்டால் எடுபடாது என்று பேசிக்கொள்வதில் பாதி இந்தக் கோளாறால் வந்ததோ என்ற சந்தேகம் நமக்கு உண்டு.

எட்டு வாரம் முடிந்து நோட்டில் இருப்பது இப்படி என்று வைத்துக்கொள்வோம். சனி: 410, 380, 1150, 440. ஞாயிறு: 460, 395, 520, 430. சராசரி எடுத்தால் சனிக்கு 595, ஞாயிறுக்கு 451. சனிதான் என்று முடிவு கட்டத் தோன்றும். ஆனால் அந்த 1150 தக்காளி இலைச்சுருட்டல் வீடியோ, யாரோ ஒரு பெரிய வாட்ஸாப் குழுவில் பகிர்ந்திருக்கிறார்கள். அந்த வீடியோவின் Reach தாவலைத் திறந்தால் External என்ற வரி வழக்கத்தைவிடப் பல மடங்கு நிற்கும், அதிலிருந்தே தெரிந்துவிடும். அது செவ்வாய் நள்ளிரவில் போட்டிருந்தாலும் ஓடியிருக்கும். ஆகவே சராசரியை விட்டுவிட்டு, எண்களை வரிசையாக அடுக்கி நடுவில் வருவதைப் பாருங்கள். சனிக்கு நடுவில் 410-உம் 440-உம், அதாவது 425. ஞாயிறுக்கு 430-உம் 460-உம், அதாவது 445. இருபது வியூஸ் வித்தியாசம். நான்கு நான்கு வீடியோவில் இருபது என்பது ஒன்றுமே இல்லை.

வித்தியாசம் தெரியவில்லை என்பதும் விடைதான், பகுதி நேரமாக நடத்துபவருக்கு நல்ல விடையும்கூட. எது தன் வாழ்க்கைக்குத் தோதோ அதை எடுத்துக்கொள்ளலாம். இந்த எடுத்துக்காட்டுக்காரர் சனி மாலை 6:30-ஐ எடுக்கிறார். ஞாயிறு காலை 6 மணிக்கு வெளியீடு என்றால் சனி இரவு தூக்கம் போகும். சனி மாலை போட்டால் ஞாயிறு காலை மாடிக்குப் போகிறவரின் கையிலும் வீடியோ இருக்கும். நடு எண்ணில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 420-க்கு எதிராக 560 என்கிற அளவில் வித்தியாசம் வந்து, பெரும்பாலான வாரங்களிலும் ஒரே பக்கம் சாய்ந்திருந்தால் மட்டும் தூக்கத்தைப் பற்றி யோசித்திருக்கலாம்.

இனி வாரத்து வேலையை அந்த நேரத்திலிருந்து பின்னோக்கி அடுக்க வேண்டும். சனி 6:30 வெளியீடு என்றால் வியாழன் இரவே ஏற்றிவிடுங்கள். ஏற்றி முடித்தவுடன் முதலில் குறைந்த தரம்தான் தயாராகும், எச்டி-யும் 4கே-யும் பின்னாலே வரும். கடைசி நிமிடத்தில் ஏற்றி வெளியிட்டால் முதலில் வருகிறவர்கள் மங்கலான படத்தைத்தான் பார்ப்பார்கள். ஏற்றும்போதே காப்புரிமைச் சோதனையும் ஓடும். பின்னணி இசைக்கு உரிமை கோரி ஏதாவது வந்தால், இசையை மாற்றி மறுபடி ஏற்ற வெள்ளி இரவு கையில் இருக்கிறது.

Visibility பக்கத்தில் Schedule தேர்ந்தெடுத்து நாளும் மணியும் கொடுங்கள். அதுவரை வீடியோ Private-ஆகவே இருக்கும். இங்கே வழக்கமாக நடக்கும் விபத்து ஏஎம், பிஎம் மாறிப்போவது. 6:30 AM என்று விழுந்திருந்தால், நீங்கள் தூங்கிக்கொண்டிருக்கும்போது வீடியோ வெளியே போய்விடும். சேமித்த பிறகு Content பட்டியலில் Scheduled என்று இருக்கிறதா, மணி சரியா என்று ஒரு முறை பார்த்துவிட்டுத்தான் மடிக்கணினியை மூட வேண்டும். Show more-க்குள் சந்தாதாரர்களுக்கு அறிவிக்கும் பெட்டி ஒன்று இருக்கும், அதில் டிக் இருக்க வேண்டும். டிக் இல்லாவிட்டால் இவ்வளவு நேரம் பார்த்ததற்கு அர்த்தமில்லை. ஒரு சேனலிலிருந்து ஒருவருக்கு 24 மணி நேரத்தில் மூன்று அறிவிப்புக்கு மேல் போகாது. லீவு நாளில் சேர்ந்துபோன நான்கு வீடியோவையும் ஒரே நாளில் அவிழ்த்துவிடுபவர்கள் இதைக் கணக்கில் வைக்க வேண்டும்.

சனி 6:30-க்கு உங்கள் கணக்கில் நுழையாத வேறொரு போனில் வீடியோவைத் திறந்து, தொடக்கம், நடு, முடிவு மூன்று இடத்தில் சத்தம் கேளுங்கள். விளக்கத்தில் உள்ள இணைப்பை அழுத்திப் பாருங்கள். விதை அளவு, உரக் கலவை போன்ற எண்கள் திரையில் ஒன்றாகவும் பேச்சில் வேறாகவும் இருந்தால் உடனே Pin செய்த கமெண்டில் திருத்தம் போடுங்கள். ஏழேகாலுக்கு எழுந்து போய்விடலாம்.

மூன்று மாதத்துக்கு ஒரு முறை படத்தை மறுபடி எடுத்துப் பழைய ஸ்கிரீன்ஷாட்டோடு வைத்துப் பாருங்கள். ஆனால் தீபாவளி, பொங்கல் வாரம் அந்த 28 நாளுக்குள் விழாதபடி பார்த்து எடுங்கள். ஒரு ஷார்ட்ஸ் திடீரென்று ஓடியிருந்தாலும் காத்திருங்கள். அதைப் பார்த்துவிட்டுப் போனவர்களும் இப்போது ‘உங்கள் பார்வையாளர்’ கணக்கில் சேர்ந்திருப்பார்கள், அவர்கள் கூட்டம் இரவு பதினொரு மணியைக் கருப்பாக்கியிருக்கும். கனடா, பிரிட்டன் பார்வையாளர்கள் அதிகமாக உள்ள சேனல்களில் மார்ச்சிலும், அக்டோபர் கடைசி, நவம்பர் தொடக்கத்திலும் பட்டை ஒரு மணி நேரம் நகரும். டொராண்டோவின் அதே இரவு 8:30 குளிர்காலத்தில் நமக்குக் காலை 7. அங்கே கடிகாரம்தான் மாறியிருக்கிறது, ஆட்களின் பழக்கம் மாறவில்லை. அவர்களுக்காக நேரம் குறித்திருந்தால் Schedule-இல் குளிர்காலத்துக்கு ஒரு மணி நேரம் தள்ளியும், மார்ச்சில் மறுபடி ஒரு மணி நேரம் முன்னாலும் போட்டால் போதும்.